ஸ்லாக் எதிர்மறையாக நிற்கிறது: நீண்ட பாதையைப் பைப்லைனாக வெட்டும்போது வரும் பிழைகளும் அவற்றைக் கண்டுபிடிக்கும் வழியும்

எஃப்பிஜிஏ வடிவமைப்பில் டைமிங் தவறும்போது "நடுவில் ஒரு ரெஜிஸ்டர் போடு" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். சொல்வது சரிதான். எங்கே போடுவது, போட்ட பிறகு வேறு எதையெல்லாம் நகர்த்துவது என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நான் சறுக்கிய ஒரே ஒரு சுற்றை வைத்துக்கொண்டு, அறிகுறி அறிகுறியாகப் பார்க்கிறேன்.

சுற்று சிறியதுதான். 16 பிட் குறியுள்ள எண்கள் இரண்டைப் பெருக்கி, 32 பிட் எண் ஒன்றைக் கூட்டி, 15 பிட் வலப்புறம் நகர்த்தி, 16 பிட்டுக்குள் அடங்காவிட்டால் உச்சவரம்பில் நிறுத்த வேண்டும். அப்படிக் கிடைத்த விடை ஒரு வரம்பைத் தாண்டினால் `hit` என்ற கொடி உயர வேண்டும். சிப் ஆர்டிக்ஸ்-7, வேகத் தரம் -1. மென்பொருள் விவாடோ. கிளாக் 200 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு கிளாக் சுற்றுக்கு 5 நானோநொடி. முதலில் எழுதியது இப்படி:

```verilog
always @(posedge clk) begin
  a_q <= a;  b_q <= b;  c_q <= c;
  y   <= sat16(a_q * b_q + c_q);
  hit <= sat16(a_q * b_q + c_q) > th;
end
```

`sat16` என்பது நகர்த்தி வரம்புக்குள் நிறுத்தும் சிறு ஃபங்ஷன். கீழே வரும் நானோநொடிக் கணக்குகள் இந்தச் சுற்றுக்கானவை. உங்கள் சிப்பில், உங்கள் இட அமைவில் எண்கள் மாறும். ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் பெரிதாக மாறாது.

அறிகுறி 1: `WNS` எதிர்மறை, -3.35

முதல் வேலை, கோட் எதையும் தொடாமல் அறிக்கையைப் படிப்பது. `report_timing_summary` தரும் `WNS` மிக மோசமான பாதை ஒன்றின் ஸ்லாக், அதாவது அதற்குக் கிடைத்த அவகாசத்தில் மிஞ்சும் நேரம் மட்டும்தான். அந்தப் பாதை எது, அதற்குள் என்ன இருக்கிறது என்பதை `report_timing` காட்டும்.

```tcl
report_timing -setup -max_paths 10 -nworst 1
```

இன்றைய நிலையில் எந்த வேகத்தில் ஓடும் என்பதற்கு ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் போதும்.

```
fmax (MHz) = 1000 / (T - WNS) = 1000 / (5 + 3.35) ≈ 120
```

தேவை 200, கையில் இருப்பது 120. இப்போது பாதையை வரி வரியாகப் பார்ப்போம். புறப்படும் ரெஜிஸ்டரிலிருந்து தரவு வெளிவர 0.52. அங்கிருந்து பெருக்கலுக்கென்றே சிப்பில் இருக்கும் டிஎஸ்பி கட்டத்துக்குப் போகும் கம்பியில் 0.93. டிஎஸ்பிக்குள் பெருக்கலும் கூட்டலும் சேர்ந்து 3.84. வெளியே வரும் கம்பி 1.02. உச்சவரம்பு பார்க்கும் `LUT6` 0.12, அடுத்த கம்பி 0.60, ஒப்பீட்டின் முதல் `LUT4` 0.12, இரண்டு `CARRY4` சேர்ந்து 0.64, கடைசிக் கம்பி 0.45. மொத்தம் 8.24. ரெஜிஸ்டரின் செட்டப் நேரமும் கிளாக்கின் நிச்சயமின்மையும் சேர்ந்து இன்னும் 0.11 எடுத்துக்கொள்ள, 5 நானோநொடிக்கு 3.35 பற்றவில்லை.

இந்த வரிகளில் முதலில் பார்க்க வேண்டியது லாஜிக்குக்கும் கம்பிக்கும் உள்ள பங்கு. இங்கே லாஜிக் 5.24, கம்பி 3.00. லாஜிக் கிட்டத்தட்ட 64 சதவீதம். அப்படியானால் இது உண்மையிலேயே நீண்ட பாதை, வெட்டினால் பலன் உண்டு. அறிக்கையில் லாஜிக் நிலை ஒன்றோ இரண்டோதான், ஆனால் கம்பி 80 சதவீதம் என்று வந்தால் நோயே வேறு. அதை அறிகுறி 5-இல் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். பாதை புறப்படும் கிளாக்கும் சேரும் கிளாக்கும் ஒன்றுதானா? ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கிளாக்குகளுக்கு இடையே ஓடும் பாதை சிவப்பாகத் தெரிந்தால், நடுவில் எத்தனை ரெஜிஸ்டர் வைத்தாலும் அது தீராது. அது கிளாக் எல்லையைக் கடக்கும் சிக்கல். அதற்கான ஒத்திசைப்புச் சுற்றும் கட்டுப்பாட்டு வரிகளும் தனி.

அறிகுறி 2: ரெஜிஸ்டர் வைத்தாகிவிட்டது, வேகம் பாதிதான் ஏறியது

முதல் முயற்சியில் பாதையை "நடுவில்" வெட்டினேன். பெருக்கி, கூட்டி, `p_q` என்ற ரெஜிஸ்டரில் வைத்தேன். உச்சவரம்பும் ஒப்பீடும் அடுத்த சுற்றில். எட்டை இரண்டாகப் பிரித்தால் நான்கு, ஐந்துக்குள் அடங்கும் என்று மனக்கணக்கு. வந்த `WNS` -1.00. அதாவது 167 மெகாஹெர்ட்ஸ்.

மனக்கணக்கு ஏன் தவறியது என்பதை அறிக்கையே சொல்லியது. முதல் பாதியில் 0.52, 0.93, டிஎஸ்பியின் 3.84, அங்கிருந்து புதிய ரெஜிஸ்டருக்குப் போகும் கம்பி 0.60. கூட்டினால் 5.89. இரண்டாம் பாதி மூன்றரைக்கும் குறைவு. கோடில் நடு என்று தெரிவது நேரத்தில் நடு இல்லை. கிளாக்கின் வேகத்தை நிர்ணயிப்பது மிக நீளமான துண்டு ஒன்றுதான். மற்ற துண்டுகளில் மிச்சமாகும் நேரம் யாருக்கும் உதவாது.

இங்கே நீளமான துண்டு டிஎஸ்பிக்குள்ளேயே இருக்கிறது. 3.84 நானோநொடியை உடைக்காமல் வெளியே எத்தனை ரெஜிஸ்டரைக் குவித்தாலும் பயனில்லை. அந்தக் கட்டத்துக்குள்ளேயே ரெஜிஸ்டர்களுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். உள்ளீட்டில் `AREG`, `BREG`, `CREG`, பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் நடுவே `MREG`, வெளியீட்டில் `PREG`. அவை சிலிக்கானில் ஏற்கெனவே இருக்கின்றன. பயன்படுத்தாவிட்டால் சும்மா கிடக்கும், பயன்படுத்தினால் தனி ரெஜிஸ்டர் செலவே இல்லை. பெருக்கலின் விடையை ஒரு ரெஜிஸ்டரில், கூட்டலின் விடையை இன்னொன்றில் என்று கோடில் எழுதினால் விவாடோ தானாகவே அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

எழுதினேன். இழுத்துக்கொள்ளவில்லை. அறிக்கையில் பெரிதாக எதுவும் மாறவில்லை.

காரணம் ரீசெட். எங்கள் குழுவின் பழைய வார்ப்புரு ஒன்றில் எல்லா `always` தொகுதிகளும் இப்படித்தான் தொடங்கும்:

```verilog
always @(posedge clk or negedge rst_n)
  if (!rst_n) m_q <= 0;
  else        m_q <= a_q * b_q;
```

இது கிளாக்குக்குக் காத்திராத ரீசெட். டிஎஸ்பிக்குள் இருக்கும் ரெஜிஸ்டர்களுக்குக் கிளாக்கோடு ஒத்திசைந்த ரீசெட் மட்டுமே உண்டு. கோட் கேட்கும் நடத்தையை அந்த ரெஜிஸ்டரால் தர முடியாது என்பதால், மென்பொருள் `m_q`வை வெளியே, சாதாரண ஃபிளிப்-ஃபிளாப்பில் கொண்டுபோய் வைத்தது. பெருக்கி ரெஜிஸ்டர் இல்லாமல் அம்மணமாக நின்றது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு இடங்கள் உண்டு. சிந்தசிஸ் பதிவில் டிஎஸ்பிக்கான அட்டவணை வரும். அதில் `MREG`, `PREG` நிரல்களில் 1 இருக்கிறதா 0 இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, விதிச் சோதனையின் எச்சரிக்கைகள். `DPIP-1` வந்தால் உள்ளீட்டில் ரெஜிஸ்டர் இல்லை, `DPOP-1` வந்தால் வெளியீட்டில் இல்லை, `DPOP-2` வந்தால் பெருக்கியின் நடுவில் இல்லை. எச்சரிக்கைகள் நூற்றுக்கணக்கில் வரும், யாரும் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை. இந்த மூன்றையாவது தேடிப் பாருங்கள்.

தீர்வு, தரவுப் பாதையிலிருந்து ரீசெட்டை எடுத்துவிடுவது. `m_q`வில் குப்பை இருந்தால் என்ன? அது செல்லும் தரவா இல்லையா என்பதை `valid` பிட் சொல்கிறது. அந்த ஒரு பிட்டுக்கு மட்டும் ரீசெட் போதும். தரவுப் பாதை முழுவதற்கும் ரீசெட் போடுவதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள் உண்டு. எஃப்பிஜிஏவில் அது பெரும்பாலும் வேகத்தைத் தின்னும் பழக்கமாகத்தான் நான் பார்க்கிறேன்.

சரிசெய்த வடிவம்:

```verilog
always @(posedge clk) begin
  a_q  <= a;  b_q <= b;  c_q <= c;
  m_q  <= a_q * b_q;
  c_q2 <= c_q;
  p_q  <= m_q + c_q2;
  y    <= sat16(p_q);
  hit  <= sat16(p_q) > th;
end
```

`a_q`, `b_q`, `m_q`, `p_q` எல்லாம் டிஎஸ்பிக்குள் அடங்கிவிட்டன. கடைசித் துண்டு மட்டும் வெளியே நிற்கிறது. டிஎஸ்பியிலிருந்து தரவு வெளிவர 0.43, பிறகு முன்பு பார்த்த அதே கம்பிகளும் லாஜிக்கும். மொத்தம் 3.38. செட்டப் போக ஒன்றரை நானோநொடி மிச்சம். உச்சவரம்பையும் ஒப்பீட்டையும் தனித்தனியாக வெட்டலாமே என்று கை துறுதுறுத்தது. வெட்டவில்லை. 5 நானோநொடிக்குள் அடங்கிய பிறகு வெட்டும் ஒவ்வொரு துண்டும் வீண் லேட்டன்சி.

விலையையும் கணக்கிட்டுவிடுவோம். `a_q`வில் தரவு வந்த பிறகு `y` கிடைக்க முன்பு ஒரு சுற்று, இப்போது மூன்று. முன்பு ஓட்டக்கூடிய அதிகபட்ச வேகத்தில் அது 8.35 நானோநொடி. இப்போது 15. ஒரு தனி எண்ணைப் பொறுத்தவரை சுற்று மெதுவாகிவிட்டது. நொடிக்கு 12 கோடி விடைகள் வந்த இடத்தில் 20 கோடி வருகின்றன என்பதுதான் லாபம். லேட்டன்சி நானோநொடியிலும் கூடுவதற்குக் காரணம், ஒவ்வொரு துண்டும் ரெஜிஸ்டருக்கான கட்டணத்தைத் தனியாகக் கட்டுகிறது. துண்டுகள் சமமாக இல்லாததால் குட்டையான துண்டுகளும் முழு 5 நானோநொடி காத்திருக்கின்றன. இந்த விடையை எதிர்பார்த்து ஒரு கட்டுப்பாட்டு வளையம் வெளியே காத்திருந்தால், இந்த வித்தியாசம் அங்கே போய்ச் சேரும். தரவு ஒரே திசையில் ஓடும் சுற்றில் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

அறிகுறி 3: டைமிங் சுத்தம், விடை தப்பு

என் நேரத்தை அதிகம் தின்றது இதுதான். மேலே இருக்கும் கோடில் `c_q2` என்ற வரியைப் பாருங்கள். முதல் தடவை அது இல்லை. `p_q <= m_q + c_q` என்று எழுதியிருந்தேன். `WNS` நேர்மறை. சிமுலேஷனில் சோதனைகள் தேறின. பலகையில் விடைகள் கொஞ்சம் கொஞ்சம் பிசகின, அதுவும் சில சமயங்களில் மட்டும்.

சோதனைகள் ஏன் தேறின? நான் கொடுத்த உள்ளீடுகள் நிலையானவை. `a`, `b`, `c` மூன்றையும் ஒரு மதிப்பில் வைத்து, இருபது சுற்று காத்திருந்து, விடையைப் பார்த்தேன். `c` ஒரு சுற்று முந்தி வந்தாலும் அதே மதிப்புத்தானே. நிலையான உள்ளீட்டுக்குப் பைப்லைனின் பிசகு கண்ணில் படவே படாது.

பைப்லைன் பிசகைப் பிடிக்க ஒற்றைத் துடிப்பைக் கொடுக்க வேண்டும். `b` எப்போதும் 10. `a` ஒரே ஒரு சுற்றுக்கு 1, மற்றபடி 0. அதே சுற்றில் `c` 1000, மற்றபடி 0. நகர்த்துவதற்கு முன்னால் இருக்கும் `p_q`வைப் பாருங்கள்.

```
sample        0     1     2     3
a             0     1     0     0
c             0  1000     0     0
p_q (right)   0  1010     0     0
p_q (wrong)  1000    10   0     0
```

சரியான சுற்றில் ஒரே இடத்தில் 1010. தப்பான சுற்றில் அந்தத் துடிப்பு இரண்டாக உடைந்து, முதலில் 1000, அடுத்து 10. `m_q`வில் பூஜ்யமாவது மாதிரியின் பெருக்கல் இருக்கும்போது `c_q` ஏற்கெனவே முதலாவது மாதிரிக்குத் தாவிவிட்டது. பெருக்கல் ஒரு சுற்று பிந்திவிட்டதால், அதனோடு கூட்டப்பட வேண்டியதும் ஒரு சுற்று பிந்தியாக வேண்டும். எந்தப் பகுதி முந்துகிறது, எத்தனை சுற்று முந்துகிறது என்பதை இந்த உடைந்த துடிப்பிலிருந்தே படித்துவிடலாம். `a`வுக்கும் `c`க்கும் வெவ்வேறு அளவில் எண்களைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம்.

பிசகு வராமல் இருக்க நான் இப்போது செய்வது ஒன்றுதான். தாளில் செங்குத்தாகக் கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோடும் ஒரு கிளாக் விளிம்பு என்று வைத்துக்கொண்டு, சுற்றின் எல்லாச் சிக்னல்களையும் இடமிருந்து வலமாக வரைகிறேன். எந்தச் சிக்னலாக இருந்தாலும் கோட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு ரெஜிஸ்டர் வேண்டும். ஒரு சிக்னலுக்கு ரெஜிஸ்டர் வைத்து, பக்கத்தில் ஓடும் சிக்னலை விட்டுவிட்டால் தாளில் உடனே தெரிந்துவிடும். வெரிலாக் கோடில் தெரியாது.

இதே கோடுகளை `valid` பிட்டும் கடக்க வேண்டும், பாக்கெட்டின் முடிவைக் குறிக்கும் பிட் இருந்தால் அதுவும். ஒரு பாக்கெட்டின் முதல் விடை குப்பையாகவும் கடைசி விடை காணாமலும் போனால், `valid` முந்துகிறது என்று சந்தேகப்படுங்கள். பெயர்களில் சுற்று எண்ணைச் சேர்த்து எழுதினால், அதாவது `c_q2`, `valid_q3` என்று வைத்தால், ஒரே வரியில் `m_q2`வும் `c_q1`உம் சேர்ந்து நிற்பது கண்ணை உறுத்தும். அழகாக இருக்காது, ஆனால் எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது.

`th` மட்டும் விதிவிலக்கு. அது ஓட்டம் தொடங்கும் முன்னர் ஒருமுறை எழுதப்படுவது என்பதால் தாமதிக்கவில்லை. ஓட்டத்தின் நடுவே யாராவது அதை மாற்றினால், ஏற்கெனவே பைப்லைனுக்குள் இருக்கும் மாதிரிகள் புதிய வரம்போடு ஒப்பிடப்படும். அது சம்மதமா என்பதை அந்தச் சுற்றைப் பயன்படுத்துகிறவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அறிகுறி 4: தொடர்ந்து ஓடினால் சரி, எதிர்ப்பக்கம் நிறுத்தச் சொன்னால் தரவு தொலைகிறது

பைப்லைன் இல்லாத சுற்றில், விடையைப் பெறும் எதிர்ப்பக்கம் "நில்" என்றால், நிறுத்த ஒரே ஒரு விடைதான் இருக்கும். இப்போது `a_q`வில் ஒன்று, `m_q`வில் ஒன்று, `p_q`வில் ஒன்று, `y`இல் ஒன்று என்று நான்கு மாதிரிகள் வழியில் இருக்கின்றன. "நில்" என்ற சொல் வரும்போது இவை எங்கே போகும் என்று முன்பே யோசித்திருக்க வேண்டும். தொலைவது எப்போதும் இரண்டு, மூன்று, நான்கு என்று ஒரு சிறிய நிலையான எண்ணாக இருந்தால் இதுதான் காரணம்.

எளிய வழி, எல்லா ரெஜிஸ்டர்களுக்கும் ஒரே `en`, அதாவது புதிய மதிப்பை ஏற்க அனுமதிக்கும் சிக்னல். நிற்கும்போது எல்லாம் சேர்ந்து உறையும். இதில் `c_q2`வையோ `valid` சங்கிலியில் ஒன்றையோ விட்டுவிட்டால் முந்தைய அறிகுறி திரும்பி வரும், அதுவும் நிறுத்தம் நடந்த பிறகு மட்டும் வரும். பெரிய பைப்லைனில் வேறொரு தொல்லை. அந்த ஒரு `en` ஆயிரக்கணக்கான ரெஜிஸ்டர்களுக்குப் போக வேண்டியிருப்பதால் அதுவே புதிய நீண்ட பாதையாகிவிடும்.

அப்படியான இடத்தில் பைப்லைனை நிறுத்தாமல் ஓடவிட்டு, முடிவில் ஒரு ஃபைஃபோ வைப்பேன். வழியில் இருக்கும் அத்தனை மாதிரிகளுக்கும் ஃபைஃபோவில் இடம் இருக்கும்போதே உள்ளீட்டை நிறுத்திவிட வேண்டும். நம் சுற்றில் வழியில் நான்கு. "கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது" என்ற கொடி தானும் ஒரு ரெஜிஸ்டர் வழியாக வருவதால் இன்னும் ஒன்றிரண்டு கூட வேண்டும். 16 இடமுள்ள ஃபைஃபோவில் 10 நிறைந்ததும் நிறுத்தினால் ஆறு இடம் கையில் இருக்கும். பிறகு பைப்லைனில் ஒரு படி கூட்டினால் இந்த எண்ணையும் மாற்ற வேண்டும். மறந்துவிடுகிறோம் என்பதால் அதை ஒரு `localparam` ஆக எழுதி, படிகளின் எண்ணிக்கையிலிருந்து கணக்கிடச் சொல்லுங்கள்.

அறிகுறி 5: லாஜிக் ஒரு நிலைதான், கம்பிதான் எல்லாம்

சிப்பின் ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்குத் தரவு போகிறது. அறிக்கையில் ஒரே `LUT`, ஆனால் கம்பி மட்டும் 4 நானோநொடி. இங்கே வெட்டுவதற்கு லாஜிக் இல்லை, தூரத்தைத்தான் வெட்ட வேண்டும். நடுவே லாஜிக் ஏதும் இல்லாத இரண்டு மூன்று ரெஜிஸ்டர்களை வரிசையாக வைத்தால், மென்பொருள் அவற்றை வழியில் தங்குமிடங்கள் போல இடைவெளி விட்டு வைக்கும்.

வைக்கும் என்று நம்பி மூன்று ரெஜிஸ்டர் எழுதியும் ஸ்லாக் நகராமல் நின்றால், நெட்லிஸ்ட்டைத் திறந்து பாருங்கள். மூன்று ஃபிளிப்-ஃபிளாப்புக்குப் பதிலாக ஒரு `SRL16E` இருக்கும். வரிசையாக, ரீசெட் இல்லாமல் நிற்கும் ரெஜிஸ்டர்களை விவாடோ நகர்வுப் பதிவேடாக மாற்றி ஒரே `LUT`க்குள் அடக்கிவிடும். வழக்கமான அமைப்பில் மூன்று படிகளிலிருந்தே இதைச் செய்யும். இடம் மிச்சம்தான், ஆனால் மூன்று தங்குமிடங்களும் ஒரே இடத்தில் குவிந்துவிட்டன, தூரம் அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு, அதிலிருந்து தரவு வெளிவர இந்த வேகத் தரத்தில் ஒன்றரை நானோநொடிக்கு மேல் ஆகும். சாதாரண ஃபிளிப்-ஃபிளாப்புக்கு அரை நானோநொடிதான்.

```verilog
(* shreg_extract = "no" *) reg [15:0] hop1, hop2, hop3;
```

இதை எல்லா இடத்திலும் போட்டுவிடாதீர்கள். ரீசெட் இல்லாமல், வெறுமனே காலத்தைத் தள்ளிப்போட மட்டும் இருக்கும் சங்கிலிகளுக்கு அந்தச் சுருக்கம் நல்லதுதான்.

அறிகுறி 6: பின்னூட்டம் உள்ள சுற்றில் ரெஜிஸ்டர் வைத்ததும் நடத்தையே மாறிவிட்டது

இதுவரை பார்த்த பிழைகள் எல்லாம் ஒத்திசைவைச் சரிசெய்தால் தீர்ந்தன. இது தீராது. விடை திரும்ப உள்ளீடாக வரும் வளையத்துக்குள் ரெஜிஸ்டர் வைத்தால், பைப்லைன் செய்வதற்குப் பதிலாக வேறொரு சுற்றையே எழுதிவிடுகிறீர்கள்.

மிகச் சிறிய எடுத்துக்காட்டு ஒற்றைத் துருவ வடிகட்டி. `y[n] = k·y[n-1] + x[n]`, `k` அரை. 1000 என்ற ஒரு துடிப்பு கொடுத்தால் 1000, 500, 250, 125 என்று தேய வேண்டும். பெருக்கிக்கும் கூட்டலுக்கும் நடுவே ஒரு ரெஜிஸ்டர் சேர்த்ததும் `y[n-1]` இருந்த இடத்தில் `y[n-2]` வந்துவிடும். வெளியீடு 1000, 0, 500, 0, 250 என்று ஒன்றுவிட்டு ஒன்று பூஜ்யமாக வரும். இந்தப் பூஜ்யங்களைப் பார்த்தால் வளையத்துக்குள் எத்தனை ரெஜிஸ்டர் கூடுதலாக நுழைந்தது என்று எண்ணிவிடலாம்.

வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. இரண்டு தனித்தனி சேனல்களை வடிகட்ட வேண்டியிருந்தால் அந்தப் பூஜ்யம் விழும் இடத்தை இரண்டாவது சேனலுக்குக் கொடுத்துவிடலாம். ஒற்றைப்படை சுற்றில் ஒன்று, இரட்டைப்படையில் மற்றொன்று. வன்பொருள் ஒன்றே, ஒவ்வொரு சேனலுக்கும் பாதி வேகம். சேனல்கள் பல இருக்கும் வேலையில் இதைவிடச் சுத்தமான தீர்வு எனக்குத் தெரியாது.

சேனல் ஒன்றுதான் என்றால் சமன்பாட்டை ஒரு படி விரிக்க வேண்டும்.

```
y[n] = k²·y[n-2] + k·x[n-1] + x[n]
```

இப்போது வளையத்துக்குள் இரண்டு சுற்று அவகாசம் முறையாகவே கிடைக்கிறது. `x` பகுதி வளையத்துக்கு வெளியே இருப்பதால் அதை இஷ்டம்போல் வெட்டலாம். 1000 துடிப்பை இதில் போட்டுப் பாருங்கள், அதே 1000, 500, 250, 125 வரும். விலை, கூடுதலாக ஒரு பெருக்கி. அதோடு `k²`ஐ 16 பிட்டுக்கு வெட்டும்போது உண்டாகும் பிழை. `k` ஒன்றுக்கு மிக அருகில் இருக்கும் வடிகட்டிகளில் அந்தச் சிறு பிழை தேயும் வேகத்தையே மாற்றிவிடும். அங்கே பிட் அகலத்தைக் கூட்ட வேண்டும்.

இவை எதுவும் ஒத்துவராத சுற்றில், முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்குத் திரும்புங்கள். புதிய தரவு உண்மையில் ஒவ்வொரு கிளாக்கிலும் வருகிறதா? நான்கு சுற்றுக்கு ஒருமுறைதான் வருகிறது, ரெஜிஸ்டர்களும் அப்போது மட்டுமே `en` பெறுகின்றன என்றால் அந்தப் பாதைக்கு 5 நானோநொடி இல்லை, 20 இருக்கிறது. மென்பொருளுக்கு அது தெரியாது, சொல்ல வேண்டும். அந்த `en` பெறும் ரெஜிஸ்டர்களை `slow_regs` என்று தொகுத்து:

```tcl
set_multicycle_path 4 -setup -from $slow_regs -to $slow_regs
set_multicycle_path 3 -hold  -from $slow_regs -to $slow_regs
```

இரண்டாவது வரியை விட்டுவிட்டால் ஹோல்ட் சோதனை தவறான விளிம்பில் நடந்து, தேவையே இல்லாத இடத்தில் மென்பொருள் கம்பியை நீட்டிக்கொண்டிருக்கும். அதைவிட ஆபத்தானது, `en` சில சமயம் மூன்று சுற்றிலேயே வந்துவிடும் சுற்றில் 4 என்று எழுதிவிடுவது. அறிக்கை பச்சையாகவே இருக்கும், பலகை சூடேறியதும் விடை பிசகும், தாமதங்களைக் கணக்கில் எடுக்காத சாதாரணச் சிமுலேஷனில் அது வராது. `en` எந்த இடைவெளியில் வருகிறது என்பதைச் சிமுலேஷனில் ஓர் எண்ணியை வைத்துச் சரிபார்த்துவிட்டு இந்த வரிகளை எழுதுங்கள்.